மூன்று இலக்கம், மூன்று கனம்: கையால் சரிபார்க்க எந்த வழி நல்லது?

153 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 1-இன் கனம் 1, 5-இன் கனம் 125, 3-இன் கனம் 27. மூன்றையும் கூட்டினால் மறுபடியும் 153. தன் இலக்கங்களின் கனங்களைக் கூட்டினால் தானே திரும்பி வரும் மூன்றிலக்க எண்கள் மொத்தம் நான்கு: 153, 370, 371, 407. கணினி வகுப்பில் ஆர்ம்ஸ்ட்ராங் எண் என்ற பெயரில் இவற்றைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அங்கே 100-இலிருந்து 999 வரை ஒரு லூப் ஓடவிட்டால் போதும், விடை வந்துவிடும்.

கையில் காகிதமும் பேனாவும் மட்டும் இருந்தால்? நான்கு எண்களும் சரிதானா என்று பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. 407-க்கு 64 + 0 + 343, சரி. ஆனால் ஐந்தாவதாக ஒன்று இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்வது? உண்மையான வேலை அதுதான்.

ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டி 1940-இல் இந்த நான்கு எண்களையே உதாரணமாகக் காட்டினார். புதிர்ப் பகுதிக்குப் பொருத்தமான செய்தி, கணிதவியலாளரைக் கவர இதில் பெரிதாக ஒன்றுமில்லை, நிரூபணமும் கடினமில்லை, கொஞ்சம் சலிப்பூட்டும், அவ்வளவுதான் என்பது அவர் கருத்து. சலிப்பு என்று அவர் சொன்னதை நான் முழுவதும் ஏற்க மாட்டேன். எந்த வழியில் போகிறோம் என்பதைப் பொறுத்தது அது. நான்கு வழிகளைப் பார்ப்போம். எத்தனை கணக்கு போட வேண்டும், ஒன்றும் விடுபடவில்லை என்று நம்ப முடியுமா, நடுவில் பிழை செய்தால் அது தெரியவருமா என்ற மூன்றையும் கவனிக்க வேண்டும். மூன்றாவதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்.

900 எண்களையும் பார்ப்பது

100-இல் தொடங்கி 999 வரை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது முதல் வழி. யோசிக்க எதுவுமில்லை, விடுபட எதுவுமில்லை. ஆனால் 900 கூட்டல். அதைவிடப் பெரிய சிக்கல், இதில் செய்யும் பிழை வெளியே தெரியாது. 407-க்கு வரும்போது 64-ஐயும் 343-ஐயும் கூட்டி 397 என்று எழுதிவிட்டால், அந்த எண் ‘இல்லை’ என்ற பட்டியலில் போய் உட்கார்ந்துவிடும். நூற்றுக்கணக்கான ‘இல்லை’களுக்கு நடுவே ஒரு தவறான ‘இல்லை’யை யார் தேடுவார்கள்?

ஒரே ஒரு கவனிப்பு இந்த வேலையைப் பாதியாக்கும். ஒற்றைப்படை எண்ணின் கனம் ஒற்றைப்படை, இரட்டைப்படை எண்ணின் கனம் இரட்டைப்படை. ஆகவே மூன்று கனங்களின் கூட்டுத்தொகை ஒற்றையா இரட்டையா என்பது, மூன்று இலக்கங்களின் கூட்டுத்தொகை ஒற்றையா இரட்டையா என்பதைப் போலவே இருக்கும். ஆனால் ஓர் எண் ஒற்றையா இரட்டையா என்பதைக் கடைசி இலக்கம் மட்டுமே தீர்மானிக்கிறது. இரண்டும் பொருந்த வேண்டுமானால் முதல் இரண்டு இலக்கங்களின் கூட்டுத்தொகை இரட்டையாக இருக்க வேண்டும். அதாவது நூறாம் இடமும் பத்தாம் இடமும் இரண்டுமே ஒற்றை, அல்லது இரண்டுமே இரட்டை. 153-இல் 1, 5. 370-இலும் 371-இலும் 3, 7. 407-இல் 4, 0. இந்த விதியால் 900 என்பது 450 ஆகிறது. அப்போதும் கையால் செய்ய அது அதிகம்தான். விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நன்றாக உதவும்.

சங்கிலியாகப் போவது

இரண்டாவது வழி பார்க்க அழகானது, பலரும் இதில்தான் மயங்குவார்கள். ஏதோ ஓர் எண்ணில் தொடங்கி, இலக்கங்களின் கனங்களைக் கூட்டி, வரும் விடைக்கும் அதையே செய்துகொண்டே போவது. 9-இல் தொடங்கினால் 729, 1080, 513, 153. அதற்குமேல் 153-லேயே நின்றுவிடும். 2-இல் தொடங்கினால் 8, 512, 134, 92, 737, 713, 371. 7-இல் தொடங்கினால் 343, 118, 514, 190, 730, 370. தேடிய எண்கள் தாமாகவே வந்து விழுவதைப் பார்க்கும்போது, இதைவிட எளிய வழி உண்டா என்று தோன்றும்.

1 முதல் 9 வரை எல்லாவற்றிலும் தொடங்கிப் பாருங்கள். 1 அங்கேயே நிற்கும். 3, 6, 9 மூன்றும் 153-க்குப் போகும். 2, 5, 8 மூன்றும் 371-க்கு. 7 மட்டும் 370-க்கு. 4-இல் தொடங்கினால் 64, 280, 520, 133, 55, 250 என்று போய் மறுபடியும் 133. அதற்குப் பிறகு 133, 55, 250 என்ற மூன்றுக்குள்ளேயே முடிவில்லாமல் சுற்றும். ஒன்பது தொடக்கங்களும் முடிந்துவிட்டன, 407 எங்கும் வரவில்லை! 47-இல் தொடங்கியிருந்தால் ஒரே படியில் 407 கிடைத்திருக்கும். ஆனால் 47-இல் தொடங்க வேண்டும் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்?

இந்த வழியின் குறை இதுதான். கிடைப்பது உண்மையான விடை, ஆனால் கிடைக்காததைப் பற்றி அது எதுவும் சொல்லாது. எல்லாத் தொடக்கங்களையும் பார்த்தால்தான் உறுதி வரும், அப்படிப் பார்ப்பது 900-ஐயும் பார்ப்பதைவிட நீளமான வேலை. ஒரு நன்மை உண்டு. ஓர் எண்ணை 3-ஆல் வகுத்தால் வரும் மீதியும், அதன் இலக்கங்களின் கனங்களைக் கூட்டி 3-ஆல் வகுத்தால் வரும் மீதியும் ஒன்றேதான். எனவே சங்கிலி முழுக்க மீதி மாறாது. போகிற வழியில் மீதி மாறினால் அங்கே கூட்டலில் பிழை என்று உடனே தெரியும். 3-இன் மடங்கு எதில் தொடங்கினாலும் கடைசியில் 153-இல்தான் போய் நிற்கும் என்பதும் தெரிந்த செய்தி. வகுப்பில் ஆர்வத்தைக் கிளப்ப இதைச் செய்து காட்டலாம். சரிபார்ப்புக்கு இது ஆகாது.

இலக்கத் தொகுப்புகளாகப் பார்ப்பது

கனங்களைக் கூட்டும்போது இலக்கங்களின் வரிசை பொருட்டே இல்லை. 135, 153, 315, 351, 513, 531 ஆறுக்கும் கூட்டுத்தொகை 153 தான். ஆகவே எண்களைப் பார்ப்பதற்குப் பதில் மூன்று இலக்கங்கள் கொண்ட தொகுப்புகளைப் பார்க்கலாம். ஒரு தொகுப்பின் கனங்களைக் கூட்ட வேண்டும், விடையில் அதே மூன்று இலக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 1, 3, 5 என்ற தொகுப்பு 153-ஐத் தருகிறது, இலக்கங்கள் அதேதான், ஆக 153 ஒரு விடை. இலக்கம் திரும்ப வரலாம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 220 தொகுப்புகள்.

220-ஐ இன்னும் குறைக்க 9-ஆல் வகுக்கும் பழைய வித்தை கைகொடுக்கும். ஓர் எண்ணை 9-ஆல் வகுத்தாலும், அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையை 9-ஆல் வகுத்தாலும் ஒரே மீதிதான் வரும். நமக்கு வேண்டிய எண்ணோ கனங்களின் கூட்டுத்தொகையும்கூட. ஆகவே கனங்களின் கூட்டுத்தொகையிலிருந்து இலக்கங்களின் கூட்டுத்தொகையைக் கழித்தால் 9-இன் மடங்கு வர வேண்டும். ஒவ்வோர் இலக்கத்துக்கும் ‘கனம் கழித்தல் இலக்கம்’ என்பதை 9-ஆல் வகுத்துப் பாருங்கள். 0, 1, 8, 9 நான்குக்கும் மீதி 0. 2, 3, 4 மூன்றுக்கும் மீதி 6. 5, 6, 7 மூன்றுக்கும் மீதி 3. மூன்று இலக்கங்களின் மீதிகளைக் கூட்டினால் 9-இன் மடங்கு வர இரண்டே வழிகள்தான்: மூன்றும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை, அல்லது கூட்டத்துக்கு ஒன்று.

கூட்டத்துக்கு ஒன்றாக எடுத்தால் 4 × 3 × 3 = 36 தொகுப்புகள். ஒரே கூட்டத்திலிருந்து எடுத்தால் 20 + 10 + 10 = 40. ஆக 220 என்பது 76 ஆகிவிட்டது. நம் நான்கு எண்களும் கூட்டத்துக்கு ஒன்று என்ற வகைதான், நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு பகுதியை மட்டும் செய்து பார்ப்போம். 9 இருக்கிற தொகுப்புகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வோம். 9-இன் கனம் 729, ஆகவே மற்ற இரண்டும் சேர்ந்து 270-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் நான்கிலக்க எண் ஆகிவிடும். ஒரே கூட்டம் என்றால் உடன் வரக்கூடியவை 0, 1 மட்டும். 8-உம் 9-உம் மிகப் பெரியவை. அப்படி வருபவை 729, 730, 731. எதுவும் தன் தொகுப்போடு பொருந்தவில்லை. கூட்டத்துக்கு ஒன்று என்றால், 7-இன் கனம் 343 என்பதால் அது முடியாது. 5 வந்தால் 2, 3, 4-உடன் முறையே 862, 881, 918. 6 வந்தால் 2, 3-உடன் 953, 972. 4-உடன் 1009, அது வரம்பைத் தாண்டிவிட்டது. இவற்றில் 9 இருப்பவை 918, 953, 972 மட்டுமே. 918 வந்தது 9, 5, 4 என்ற தொகுப்பிலிருந்து, பொருந்தாது. 953 வந்தது 9, 6, 2-இலிருந்து, பொருந்தாது. 972 வந்தது 9, 6, 3-இலிருந்து, 9 மட்டும் பொருந்துகிறது, மற்ற இரண்டும் பொருந்தவில்லை. ஆகவே 9 உள்ள விடை எதுவும் கிடையாது. ஒன்பது கூட்டலில் ஓர் இலக்கத்தையே விலக்கிவிட்டோம்.

இப்படி 8, 7 என்று இறங்கிக்கொண்டே போகலாம். நல்ல வழிதான். தொகுப்புகளைப் பட்டியலிடும்போது ஒன்றை விட்டுவிடும் ஆபத்து மட்டும் இருக்கிறது. பெரிய இலக்கத்திலிருந்து இறங்கு வரிசையில் எழுதி, இறுதியில் எண்ணிக்கை 36-உம் 40-உம் வருகிறதா என்று பார்த்தால் அது பிடிபட்டுவிடும். கூட்டலில் வரும் பிழைதான் இங்கேயும் மறைந்து போகக்கூடும்.

வரவு செலவாக எழுதுவது

எண்ணின் இலக்கங்களை a, b, c என்று வைத்தால் நமக்கு வேண்டியது இது:

100a + 10b + c = a³ + b³ + c³

ஒவ்வோர் இலக்கத்தையும் அதனதன் பக்கம் கொண்டுபோனால்:

100a − a³ = (b³ − 10b) + (c³ − c)

வீட்டுக் கணக்கு போல இதைப் படிக்கலாம். நூறாம் இடத்தில் இருக்கிற இலக்கம் எப்போதும் தன் கனத்தைவிட அதிகம் கொண்டுவருகிறது, அது வரவு. பத்தாம் இடமும் ஒன்றாம் இடமும் செலவு. வரவும் செலவும் சரியாக நேர்ந்தால் அது நாம் தேடும் எண். மொத்தக் கணக்குக்கும் தேவையானது இந்த ஒரே அட்டவணை:

| இலக்கம் | நூறாம் இட வரவு | பத்தாம் இடச் செலவு | ஒன்றாம் இடச் செலவு |
|---|---|---|---|
| 0 | – | 0 | 0 |
| 1 | 99 | −9 | 0 |
| 2 | 192 | −12 | 6 |
| 3 | 273 | −3 | 24 |
| 4 | 336 | 24 | 60 |
| 5 | 375 | 75 | 120 |
| 6 | 384 | 156 | 210 |
| 7 | 357 | 273 | 336 |
| 8 | 288 | 432 | 504 |
| 9 | 171 | 639 | 720 |

பத்தாம் இடத்தில் 1, 2, 3 வந்தால் செலவு குறையெண்ணாக இருக்கிறது, அதாவது அங்கேயும் சின்ன வரவு.

அட்டவணையைப் பார்த்தவுடனே சில இலக்கங்கள் அடிபட்டுப் போகின்றன. வரவின் உச்சம் 384. பத்தாம் இடத்தில் 8 வந்தால் செலவு 432, 9 வந்தால் 639, எந்த வரவாலும் கட்டாது. ஒன்றாம் இடத்தில் 8 என்றால் 504. அதிகபட்ச வரவோடு பத்தாம் இடம் தரும் 12-ஐயும் சேர்த்தால்கூட 396 தான். ஆகவே கடைசி இரண்டு இடங்களிலும் 8, 9 வரவே முடியாது.

இப்போது ஒற்றை இரட்டை விதியைக் கொண்டுவருவோம். a ஒற்றையென்றால் b-க்கு 1, 3, 5, 7 மட்டும். a இரட்டையென்றால் 0, 2, 4, 6 மட்டும். ஒவ்வொரு ஜோடிக்கும் வரவிலிருந்து பத்தாம் இடச் செலவைக் கழித்து, மிச்சம் 0, 6, 24, 60, 120, 210, 336 என்ற பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். முழு வேலையும் இதோ:

| a | b வரிசையாக | மிச்சம் |
|---|---|---|
| 1 | 1, 3, 5, 7 | 108, 102, 24, குறை |
| 3 | 1, 3, 5, 7 | 282, 276, 198, 0 |
| 5 | 1, 3, 5, 7 | 384, 378, 300, 102 |
| 7 | 1, 3, 5, 7 | 366, 360, 282, 84 |
| 9 | 1, 3, 5, 7 | 180, 174, 96, குறை |
| 2 | 0, 2, 4, 6 | 192, 204, 168, 36 |
| 4 | 0, 2, 4, 6 | 336, 348, 312, 180 |
| 6 | 0, 2, 4, 6 | 384, 396, 360, 228 |
| 8 | 0, 2, 4, 6 | 288, 300, 264, 132 |

36 கழித்தல், அதில் இரண்டு குறையெண், ஆகவே பார்க்க வேண்டியவை 34. பட்டியலில் உள்ள மிச்சம் மூன்றே இடங்களில் வருகிறது. 1, 5 ஜோடிக்கு மிச்சம் 24, அது c = 3-இன் செலவு: 153. 4, 0 ஜோடிக்கு மிச்சம் 336, அது c = 7: 407. 3, 7 ஜோடிக்கு வரவும் செலவும் 273 என்று நேராகவே அடைபட்டுவிடுகின்றன, மிச்சம் 0. ஒன்றாம் இடத்தில் 0-க்கும் செலவில்லை, 1-க்கும் செலவில்லை. அதனால்தான் 370, 371 என்று இரட்டையாக வருகின்றன. மூன்று இடங்கள், நான்கு எண்கள், வேறு எதுவும் இல்லை.

நான் இந்த வழியையே சொல்வேன். கணக்கு குறைவு என்பதைவிட, பிழை தானே வெளியே வந்துவிடும் என்பதுதான் காரணம். ஒன்றாம் இடச் செலவு c³ − c என்பது (c − 1), c, (c + 1) என்ற அடுத்தடுத்த மூன்று எண்களின் பெருக்கல், எனவே எப்போதும் 6-இன் மடங்கு. ஒற்றை இரட்டை விதிப்படி எடுத்த ஜோடிகளின் மிச்சங்களும் அப்படியே 6-இன் மடங்குதான். மேலே உள்ள 34-ஐயும் 6-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி வராது. யாராவது 7-இன் கனத்தை 353 என்று தவறாக எழுதியிருந்தால், அதன் வரவு 347 ஆகி, அந்த வரிசையின் மிச்சங்கள் எதுவும் 6-ஆல் வகுபடாமல் நின்று காட்டிக்கொடுத்துவிடும். பிழை சரியாக 6-இன் மடங்காக இருந்தால் மட்டும் இது தப்பவிடும். அதற்கும் வழி உண்டு. கடைசி நெடுவரிசையைக் கனத்திலிருந்து கழித்து எழுதாமல், 6 × 7 × 8 = 336 என்பதுபோல் பெருக்கி எழுதுங்கள். அதோடு இலக்கத்தைக் கூட்டினால் கனம் 343 வர வேண்டும். வராவிட்டால் இரண்டில் ஒன்று தவறு.

நான்கு இலக்கத்துக்குப் போனால்

கனங்களோடேயே நான்கு இலக்கத்தில் தேடினால் எதுவும் கிடைக்காது. இலக்கங்களின் நான்காம் அடுக்குகளைக் கூட்டினால் மூன்று எண்கள் உண்டு: 1634, 8208, 9474. அங்கே என் தேர்வு மாறும். வரவு செலவு வழியில் ஜோடிகளுக்குப் பதில் முதல் மூன்று இலக்கங்களையும் எடுத்து 900 கழித்தல்கள் வரும், ஒற்றை இரட்டை விதிக்குப் பிறகும் 450. தொகுப்புகள் 715. எண்ணிக்கையைப் பார்த்தால் முதலாவதுதான் குறைவு. ஆனால் நான்காம் அடுக்கை 5-ஆல் வகுத்தால் மீதி 1, அந்த இலக்கம் 0 அல்லது 5 என்றால் மட்டும் மீதி 0. ஆகவே 0, 5 இல்லாத தொகுப்பின் கூட்டுத்தொகை 5-ஆல் வகுக்க மீதி 4 தரும், எண் 4-இலோ 9-இலோதான் முடியும். அந்தத் தொகுப்புக்குள் 4-உம் 9-உம் இல்லையென்றால் கூட்டிப் பார்க்காமலேயே தள்ளிவிடலாம். 0 அல்லது 5 ஒருமுறை வந்தால் தொகுப்பில் 3 அல்லது 8 இருக்க வேண்டும், இருமுறை வந்தால் 2 அல்லது 7, மும்முறை வந்தால் 1 அல்லது 6. 1634-உம் 9474-உம் 4-இல் முடிகின்றன. 8208-இல் ஒரு 0 இருக்கிறது, கடைசி இலக்கம் 8. இப்படிப் பார்த்த மாத்திரத்தில் தள்ள முடிவதால் நான்கு இலக்கத்தில் தொகுப்பு வழியைத்தான் எடுப்பேன். முதலில் 0, 1, 16, 81, 256, 625, 1296, 2401, 4096, 6561 என்ற பத்தையும் காகிதத்தின் மேலே எழுதிக்கொண்டு தொடங்குங்கள்.